மதிய வெயில் நிழலும் மாஸ்க்கும்: சில வருட அனுபவம்

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற உதவும் புது மாஸ்க் பேனல் 2021 அக்டோபரில் வந்ததிலிருந்து மதிய வெயில் படங்களை அதிலேதான் சரிசெய்கிறேன். அதற்கு முன்னால் Shadows ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துவிட்டு, படம் ஏன் சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறது என்று முழித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். காசிமேட்டில் மதியம் பன்னிரண்டரை மணி. தலையில் துண்டோடு ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை வெளுத்துப்போகக் கூடாதென்று ஐஎஸ்ஓ 100, f/8, 1/500-ல் எடுத்தேன். சட்டை தப்பித்தது, ஆனால் துண்டின் நிழலில் கண் இரண்டும் கருங்குழியாகிவிட்டன.

Luminance Range மாஸ்க்கில் இருட்டை மட்டும் பிடித்து Exposure +2 வைத்தேன். கன்னம் முழுக்க மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள். ஐஎஸ்ஓ 100 மாதிரிக் குறைந்த அளவில் எப்படி இந்தப் புள்ளிகள், அதாவது நாய்ஸ், வரும்? நிழலில் சென்சாருக்குக் கிடைத்த ஒளியே கொஞ்சம்தான். இருட்டில் மறைந்திருந்த நாய்ஸ், தூக்கியதும் வெளியே தெரிகிறது.

அது பாதிக் காரணம்தான். மீதி என் மாஸ்க்கிலேயே இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது! மாஸ்க்கைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி 100 சதவீதத்தில் பார்த்தால், அதுவே உப்பும் மிளகுமாக இருந்தது. எல்லையைக் குறுக்கி வைத்ததால் ஒரு பிக்சல் உள்ளே, பக்கத்து பிக்சல் வெளியே. ஒன்று தூக்கப்படுகிறது, மற்றது இருட்டிலேயே நிற்கிறது. அதாவது நாய்ஸை நானே பெருக்கியிருக்கிறேன்.

இப்போது முகத்தை முதலில் பெரிய, மெத்தென்ற பிரஷ்ஷால் பூசிவிட்டு, இரண்டு மாஸ்க்கும் சேரும் இடத்தை மட்டும் விட்டுவைக்கும் Intersect வழியாக Luminance Range சேர்க்கிறேன். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் சரிவை நன்றாக அகலமாக விட்டுவிடுவேன். மாஸ்க் புகைமாதிரி தெரிந்தால் சரி. Exposure +1.5 போதும், அதற்கு மேல் தூக்கினால் ஃபிளாஷ் அடித்த முகம்போல் ஆகிவிடுகிறது. Blacks-ஐ மட்டும் -15 இறக்குவேன், இமையும் மீசையும் கருமையை இழக்காமலிருக்க.

அதே மாஸ்க்கில் Noise 30 வைக்கிறேன். இங்கே ஒரு குறை இருக்கிறது: அந்த ஸ்லைடர் வெளிச்சப் புள்ளிகளை மட்டுமே மழுப்பும், ஊதாவும் பச்சையுமாக வரும் திட்டுகளைத் தொடாது. அதற்கு Detail பேனலில் இருக்கும் Color-ஐ 25-லிருந்து 40-க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. அது படம் முழுவதையும் பாதிக்கும் என்பதால், வலையின் நீலநூல் மங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அப்புறம் முகத்தில் Texture, Clarity பக்கமே போவதில்லை. அடக்கிய நாய்ஸை அவை இரண்டும் திரும்பக் கிளப்பிவிடும்.

இதெல்லாம் ரா ஃபைலுக்கு. ஜேபெக் மட்டும் கையில் இருக்கும் பழைய படங்களில் +1-ஐத் தாண்டுவதில்லை, கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.