ஊர் திரும்பியபின் சிபில்: வைப்புத்தொகை மீதான கார்டா, நகைக்கடனா?

துபாயில் 11 ஆண்டுகள் இருந்தேன். கார் கடனையும் கிரெடிட் கார்டையும் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினேன். திருச்சிக்குத் திரும்பி வீட்டுக் கடன் கேட்டபோது, என் சிபில் அறிக்கையில் மதிப்பெண்ணுக்குப் பதில் -1 என்று இருந்தது. கடன் வரலாறே இல்லை என்று அதற்குப் பொருள். அமீரகத்துக் கடன் பதிவு இங்கே வந்து சேராது.

வீட்டில் எல்லோரும் நகைக்கடனைத்தான் சொன்னார்கள். மதிப்பெண் கேட்க மாட்டார்கள், அன்றே பணம் கிடைக்கும், அதுவும் சிபிலில் பதிவாகும். எல்லாம் உண்மை. ஆனால் எனக்குச் சொல்லப்பட்ட கடன், ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி நகையைத் திருப்பும் வகை. மாதந்தோறும் கட்டிய பழக்கம் அதில் தெரியாது. திருப்பியதும் கணக்கு முடிந்துவிடும். தேவையில்லாத பணத்துக்கு வட்டியும் போகும்.

அதனால் வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கார்டு வாங்கினேன். முதலில் என்ஆர்ஈ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றினேன். பிறகு 50,000 ரூபாய் போட்டேன். 40,000 ரூபாய் வரம்பு கொடுத்தார்கள். வைப்புக்கு வட்டி வருகிறது. கார்டு பில்லை முழுவதும் கட்டிவிடுவதால் அதற்கு வட்டி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வரம்பில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது. ஏழாவது மாதம் முதன்முதலாக 751 என்று மதிப்பெண் வந்தது. அந்த மகிழ்ச்சியில் 31,000 ரூபாய்க்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். கெடு தேதிக்குள் முழுப் பணமும் கட்டியும் மதிப்பெண் 718க்கு இறங்கியது. பெரும்பாலும் பில் போடும் நாளில் நிற்கும் பாக்கிதான் சிபிலுக்குப் போகிறது. அன்று என் கணக்கில் வரம்பின் முக்கால் பங்குக்கு மேல் செலவாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் ஏறியது. இப்போது 12,000 ரூபாயைத் தாண்டுவதில்லை. தாண்ட நேர்ந்தால், பில் போடும் நாளுக்கு முன்பே மிச்சத்தைக் கட்டிவிடுகிறேன்.

கடைகளில் தரும் வட்டியில்லாத் தவணையை நான் எடுத்ததில்லை. அக்கா மகன் எடுத்தான். ஒழுங்காகப் பதிவானது, எட்டு மாதத்தில் கணக்கு முடிந்தது. அவன் ஒருவன் அனுபவத்துக்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கார்டோ வைப்பை எடுக்காதவரை திறந்தே இருக்கும், அதன் வயதும் ஏறிக்கொண்டே போகும். நகைக்கடனைவிட அதை நான் மேலாக நினைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்றே மாதத்தில் வீட்டுக் கடன் வேண்டும் என்பவருக்குக் கார்டு உதவாது. இங்கேயே வேலை பார்த்து நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் மனைவியையோ கணவரையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக் கேட்பதுதான் அவருக்கு வழி.