பிறந்தநாள்: நட்சத்திரமா, திதியா?

தமிழ் வீடுகளில் ஆடி மாதம், ரோகிணி நட்சத்திரம் என்று சொன்னாலே போதும். தெலுங்கு, கன்னட வீடுகளில் பலர் சந்திர மாதம், பட்சம், திதி மூன்றும் பார்ப்பார்கள்.

சந்திரன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 27.3 நாள் ஆகும். ஆடிக்கோ 31 அல்லது 32 நாள். அதனால் சில வருடம் ஒரே மாதத்தில் ரோகிணி இருமுறை வந்துவிடும், தடுமாற்றம் அங்கேதான். ஆடி 12-ல் பிறந்த குழந்தைக்கு மறுவருடம் பத்து நாள் முன்தள்ளி ஆடி 2-ல் ரோகிணி வரும், 29-ஐ ஒட்டி மறுபடியும் வரும். எங்கள் வீட்டில் இரண்டாவதைத்தான் எடுப்போம். அதற்கடுத்த வருடம் 19 வாக்கில் வரும்.

திதிக்கு வேறு சிக்கல். பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாள்தான். வருடா வருடம் பதினொரு நாள் பின்வாங்கும், அதிக மாசம் வந்து சரிசெய்யும். சிராவண சுக்ல பஞ்சமி 2022-ல் ஆகஸ்ட் 2. 2023-ல் அதிக சிராவணம் வந்ததால் நிஜ மாதத்துப் பஞ்சமி ஆகஸ்ட் 21-க்குப் போனது. 2024-ல் ஆகஸ்ட் 9. அதிக மாசத்துப் பஞ்சமியில் கொண்டாடிவிட்டால் ஒரு மாதம் முந்திவிடும்.

இரண்டுக்கும் பொது: பிறந்த நேரத்து நட்சத்திரம் அல்லது திதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்று காலையில் இருந்ததை அல்ல. விடியற்காலையில் பிறந்தவர்களுக்கு இது மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கொண்டாடும் நாளுக்கு, இப்போது வசிக்கும் ஊரின் சூரிய உதயத்தைப் பாருங்கள்.

தமிழ் மாதக் காலண்டர் கையில் இருந்தால் நட்சத்திரமே எளிது என்பேன்.