வாட்ஸ்அப் அரட்டையை மீட்க லாஜிக்கலா, பிசிக்கலா?

"பிசிக்கல் எடுத்தாச்சா?" போனைக் கொண்டுவந்து எங்கள் தடயவியல் மேசையில் வைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். லாஜிக்கல் என்றால் மேலோட்டமாகப் பார்ப்பது, பிசிக்கல் என்றால் அடிவரை தோண்டுவது, ஆகவே அழித்த செய்தி வேண்டுமென்றால் பிசிக்கல்தான் என்பது கணக்கு. பத்து வருடத்துக்கு முந்தைய போன்களுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் அரட்டையைத் தேடும்போது அது தப்பாகப் போகிறது.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். லாஜிக்கல் முறையில் போனின் ஃபைல் சிஸ்டம் வழியாகவே போகிறோம். ஃபைல்களை ஃபைல்களாக, அவற்றின் பெயரோடும் இடத்தோடும் எடுக்கிறோம். பிசிக்கல் முறை ஃபைல் என்ற ஒன்றையே கண்டுகொள்ளாது. சேமிப்பு சிப்பின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே நகல் எடுத்து, காலி என்று குறிக்கப்பட்ட இடங்களையும் சேர்த்துக் கொண்டுவரும். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட மொபைல் தடயவியல் வழிகாட்டியில் ஐந்து படிகள் உண்டு. கையால் திரையைப் பார்த்து எழுதுவது முதல் படி, லாஜிக்கல் இரண்டாவது. போர்டின் சோதனை முனைகள் வழியாகப் படிக்கும் ஜேடேக், சிப்பையே கழற்றிப் படிக்கும் சிப்-ஆஃப் எல்லாம் அதற்கு மேலே. படி என்றதும் மேலே இருப்பதுதான் உசத்தி என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

லாஜிக்கலுக்குள்ளேயே இரண்டு ஜாதி இருக்கிறது. `adb backup` மாதிரி போன் தானாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது ஒன்று. ரூட் என்ற உச்ச அனுமதி பெற்று, ஆப்களின் தரவு இருக்கும் `/data` முழுவதையும் எடுப்பது இன்னொன்று. கருவி விற்பவர்கள் இரண்டாவதற்கு 'முழு ஃபைல் சிஸ்டம்' என்று தனிப் பெயர் வைத்து விற்கிறார்கள். என் கணக்கில் அதுவும் லாஜிக்கல்தான், ஏனென்றால் அதுவும் ஃபைல் சிஸ்டம் வழியாகவே படிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வாட்ஸ்அப் தன் தரவை `adb backup`-இல் சேர்க்க விடுவதில்லை. அந்த வழியில் போனால் படங்களும், திறக்க முடியாத ஒரு பேக்கப் ஃபைலும்தான் மிஞ்சும். "லாஜிக்கலில் ஒன்றும் வராது" என்ற கெட்ட பெயர் வந்தது இந்த முதல் ஜாதியால்.

சிப்பைக் கழற்றினால் என்ன கிடைக்கும்

ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து ஃபைல் வாரியான குறியாக்கம் கட்டாயம். பயனர் தரவுக்கான சாவி, பின் நம்பரையும் ப்ராசஸருக்குள் இருக்கும் ரகசியத்தையும் சேர்த்துத்தான் உருவாகிறது. சிப்பை மட்டும் கழற்றிப் படித்தால் சாவியின் ஒரு பாதி பழைய போர்டிலேயே நின்றுவிடும். கையில் வருவது இரைச்சல். வாட்ஸ்அப் செய்திகளை வைக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒவ்வொன்றும் `SQLite format 3` என்ற எழுத்துகளோடு தொடங்கும். அப்படி எடுத்த இமேஜின் பயனர் பகுதியில் அதைத் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட அகப்படாது. போனும் போச்சு, தரவும் போச்சு.

சாவி கிடைத்தாலும் காலி இடத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ஃபைலைக் குறியாக்கம் செய்த சாவி அந்த ஃபைலின் ஐநோடில், அதாவது அதன் விவரக் குறிப்பில், இருக்கும் ஒரு தற்செயல் எண்ணை வைத்தே பொதுவாக உருவாகிறது. ஃபைலை அழித்து ஐநோடும் போய்விட்டால், பைட்டுகள் சிப்பில் கிடந்தாலும் அவற்றைத் திறக்க வழியில்லை. போதாததற்கு, ட்ரிம் கட்டளை காலி இடங்களைச் சிப்புக்குச் சொல்லிவிடும். சிப் தன் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்துவிடும்.

இன்னொன்று. போனை ஒருமுறை அணைத்துவிட்டால், மறுபடி பின் நம்பர் போடும் வரை வாட்ஸ்அப் இருக்கும் பகுதி பூட்டியே கிடக்கும். இயங்கிக்கொண்டிருந்த போனைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அணைத்துக் கொண்டுவருபவர்கள், நல்லது செய்வதாக நினைத்து கதவைச் சாத்திவிட்டு வருகிறார்கள். அணைக்காமல், சார்ஜில், சிக்னல் புகாத பையில் கொண்டுவந்தால் போதும்.

அழித்த செய்தி ஒளிந்திருக்கும் இடம்

அரட்டையில் ஒரு எழுத்துச் செய்தியை அழித்தால் எந்த ஃபைலும் அழிவதில்லை. `/data/data/com.whatsapp/databases/msgstore.db` என்ற ஃபைலுக்குள் ஒரு வரி மட்டும் நீங்குகிறது. ஃபைல் உயிரோடு இருக்கிறது, அதன் குறியாக்கச் சாவியும் இருக்கிறது. அழிந்த வரியின் எச்சம் எங்காவது இருந்தால், அது பெரும்பாலும் இந்த உயிருள்ள ஃபைலின் வயிற்றுக்குள்ளோ பக்கத்தில் உள்ள `msgstore.db-wal` ஃபைலிலோ இருக்கும். எங்கள் அறையில் அதை 'வால் ஃபைல்' என்றுதான் சொல்வோம். பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பொருத்தமான பெயர்.

எஸ்க்யூலைட் புதிய மாற்றங்களை முதலில் வாலில் எழுதும். மாறிய பக்கத்தை முழுசாக, வழக்கமாக 4096 பைட், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஃப்ரேமாகச் சேர்க்கும். வால் நீண்டதும் அவற்றை மூல ஃபைலுக்கு மாற்றிவிட்டு, மறுபடி வாலின் தலையிலிருந்து எழுதத் தொடங்கும். பழையதை உடனே துடைக்காது. ஆகவே வால் என்பது ஒரே பக்கத்தின் அடுத்தடுத்த நிலைகளை எடுத்து வைத்த படங்களின் அடுக்கு மாதிரி.

ஒரு பயிற்சிக்காக இரண்டு சொந்தப் போன்களில் காலையில் 40 செய்திகள் பரிமாறினோம். டேட்டாபேஸில் அவற்றின் வரிசை எண் 212 முதல் 251 வரை. இடையில் 230, 231 இரண்டையும் 'எனக்கு மட்டும்' அழித்தோம். 244-ஐ அனுப்பியவரே 'எல்லோருக்கும்' அழித்தார். 236 என்பது 231-ஐ மேற்கோள் காட்டி எழுதிய பதில். உடனே முழு ஃபைல் சிஸ்டத்தையும் எடுத்தோம்.

```sql
SELECT m._id, m.message_type, j.raw_string,
 datetime(m.timestamp/1000,'unixepoch','+330 minutes'),
 m.text_data
FROM message m
JOIN chat c ON c._id = m.chat_row_id
JOIN jid j ON j._id = c.jid_row_id
WHERE m._id >= 212
ORDER BY m._id;
```

மூல ஃபைலை மட்டும் தனி ஃபோல்டரில் நகலெடுத்துத் திறந்தால் 225-உடன் நின்றுவிட்டது. வாலோடு சேர்த்துத் திறந்தால் 251 வரை வந்தது, 230-உம் 231-உம் இல்லாமல் 38 வரிகள். வரிசை எண் தானாக ஏறுவது, திரும்பப் பயன்படாது. அந்த இடைவெளியே ஏதோ நீங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. (எண்கள் எல்லா அரட்டைகளுக்கும் பொது. ஒரே அரட்டையைப் பார்த்து இடைவெளி எண்ணினால் ஏமாறுவோம்.) 244-இன் வரி இருந்தது, `message_type` 15 என்று, எழுத்து இல்லாமல்.

231-க்கு எந்தத் தோண்டலும் தேவைப்படவில்லை. மேற்கோளோடு பதில் அனுப்பினால் மூலச் செய்தியின் நகல் `message_quoted` பட்டியலில் போய் உட்காரும். மூலத்தை அழித்தாலும் அது அங்கேயே இருந்தது. காசு செலவில்லாத மீட்பு.

230 வாலில் கிடைத்தது. ஒரு ஃப்ரேமில் அந்தப் பக்கம் 230-ஓடு முழுசாக இருக்கிறது, பிந்தைய ஃப்ரேமில் இல்லை. இதிலிருந்து இன்னொரு பரிசும் வந்தது. 230 இருந்த கடைசி ஃப்ரேமுக்கு முன்பே 247 எழுதப்பட்டுவிட்டது. 230 நீங்கிய பிறகுதான் 248 வருகிறது. ஆகவே அழித்தது அந்த இரண்டு செய்திகளின் நேரத்துக்கு நடுவில். 'எப்போது அழித்தார்' என்ற கேள்விக்கு இவ்வளவு நெருக்கமான பதிலைச் சிப்பின் காலி இடம் ஒருபோதும் தந்ததில்லை.

இதைக் கெடுப்பது மிகச் சுலபம். இரண்டு ஃபைல்களையும் மூலப் பிரதியிலேயே ஒரு சாதாரண வியூவரில் திறந்து மூடினால் போதும். மூடும்போது எஸ்க்யூலைட் வாலை மூலத்தில் கலந்து, வாலை நீக்கிவிடும். 230 அதோடு போச்சு. புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் ஒருமுறையாவது இதைச் செய்திருப்பார்கள். அடையாளம்: எடுத்தபோது இருந்த `-wal` இப்போது காணோம், `msgstore.db`-இன் ஹாஷும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை எண்ணும், மாறியிருக்கிறது. வாலை முதலில் ஹெக்ஸ் கருவியில் பார்த்துவிட்டு, நகலை மட்டும் திறப்பதே வழி.

வால் சுழன்று எழுதப்பட்டுவிட்டால் மூல ஃபைலின் பக்கங்களுக்குள் தேட வேண்டும். அங்கே நீங்கிய வரியின் முதல் நான்கு பைட்டுகளை எஸ்க்யூலைட் தன் குறிப்புக்கு எடுத்துக்கொள்ளும். வரியின் நீளமும் வரிசை எண்ணும் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். ஆக எழுத்தும் நேரமும் தப்பலாம், எண் தப்பாது. `secure_delete` இயக்கத்தில் இருந்தால் வரியே பூஜ்யங்களால் நிரப்பப்படும். அப்போதும், வாலில் பழைய படம் மிஞ்சியிருந்தால் அது மட்டும் பிழைத்திருக்கும்.

பிசிக்கல் ஜெயிக்கும் இடம்

குறியாக்கம் இல்லாத பழைய போனில், ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தையதில், வாட்ஸ்அப்பையே நீக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். `msgstore.db` இல்லை, லாஜிக்கலுக்கு வேலையே இல்லை. அங்கே காலி இடத்தில் டேட்டாபேஸ் பக்கங்களைத் தேடி எடுக்கும் பிசிக்கல் முறைக்கு மாற்று கிடையாது. திரை உடைந்து, போர்டு செத்து, குறியாக்கம் இல்லாத பட்டன் போனுக்கும் அதேதான். முழு டிஸ்க் குறியாக்கம் கொண்ட இடைக்காலப் போன்களில் சாவியோடு எடுத்த இமேஜும் ஓரளவு பலன் தரும்.

ஆனால் அப்படிக் கிடைத்ததைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். ஒரு செய்தி பல பக்கப் பிரதிகளில் இருப்பதால் ஐந்து இடத்தில் சிக்கும். அறிக்கையில் ஐந்து செய்தி என்று எண்ணிவிட்டால், "ஐந்து முறை மிரட்டினார்" என்று ஆகிவிடும். அதைவிட மோசம், யாருடைய செய்தி என்பது. புதிய வாட்ஸ்அப்பின் வரியில் இருப்பது `chat_row_id` என்ற ஒரு எண் மட்டும். அந்த எண் யார் என்று சொல்லும் `chat`, `jid` பட்டியல்கள் கிடைக்காவிட்டால், ஆள் தெரியாத வாசகம்தான் கையில் இருக்கிறது. நான் அதை அறிக்கையில் ஆள் பெயரோடு எழுத மாட்டேன்.

சான்றிதழில் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். அணைந்த சிப்பை இரண்டு முறை படித்தால் பொதுவாக ஒரே ஹாஷ் வரும். இயங்கும் போனிலிருந்து லாஜிக்கலாக இரண்டு முறை எடுத்தால் வராது, ஏனென்றால் நடுவில் போன் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கட்டாயம் பிடிப்பார். எடுத்து முடித்த அந்த நிமிடமே வெளியே வந்த ஃபைலுக்கு ஹாஷ் போட்டு, எத்தனை மணிக்கு, போன் எந்த நிலையில் இருந்தது என்று எழுதி வைத்திருந்தால் பதில் இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன, திறக்க முடியாத அந்தப் பேக்கப் ஃபைலை மறந்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு `msgstore.db.crypt14` மாதிரி ஒரு பிரதியைப் போனிலேயே வைக்கும், சில நாள் பிரதிகள் சேர்ந்திருக்கும். அதைத் திறக்கும் சாவி `/data/data/com.whatsapp/files/key`, முழு ஃபைல் சிஸ்டத்தில் கூடவே வந்துவிடும். எங்கள் பயிற்சியில் எல்லாம் காலையில் நடந்ததால் அது உதவவில்லை. முந்தின நாள் அனுப்பி, இன்று காலை அழித்திருந்தால், 230 அங்கே எந்தச் சேதமும் இல்லாமல், தன் வரிசை எண்ணோடும் யாருடையது என்ற விவரத்தோடும் இருந்திருக்கும்.