டின் மீனும் ஜாடி மீனும்

டின்னில் அடைத்த கானாங்கெளுத்தியைக் காப்பது வெப்பம்தான். மீனில் புளிப்பு மிகக் குறைவு, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 6-க்கு மேல். காற்றில்லாத டின்னுக்குள், கொடிய நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் நுண்ணுயிரின் வித்துகள் முளைக்க அது போதும். கொதிநீரின் 100 டிகிரி அவற்றைக் கொல்லாது. அதனால்தான் அழுத்தக் கலனில், டின்னின் நடுப்பகுதி 121 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் நிற்பதற்கு இணையான வெப்பம் தருகிறார்கள். வீட்டுக் குக்கரில் இதை முயலவே கூடாது என்பேன். உப்பிய டின்னை ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

இலங்கையின் ஜாடி மீனுக்கு அடுப்பே வேண்டாம். குடல் நீக்கிய மீன் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு, கூடவே கொறக்காய்ப் புளி. உப்பு மீனின் நீரை இழுத்து வெளியேற்றுகிறது. அந்த உப்புநீரில் மீன் மூழ்கியே இருக்க வேண்டும். உப்பால் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் ஈரம் குறைகிறது. புளி பி.எச். அளவை இறக்குகிறது, 4.6-க்குக் கீழே போனால் போட்டுலினம் முளைக்காது. மீனின் சொந்த நொதிகள் மெல்லச் சதையைப் பக்குவப்படுத்துகின்றன. உப்புக்குக் கஞ்சப்பட்டால், அது உள்ளே எட்டும் முன்பே எலும்போரம் அழுகத் தொடங்கும்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் கிடத்தினால் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு, வெப்பத்திலும் உப்பிலும் புளியிலும் அழிவதில்லை. நாக்கில் மிளகுபோல் சுரீரென்றால் துப்பிவிடுங்கள்.