ஆம்ஸ்டார் 2-ஆ, ரோபிஸா? ஓர் எலிக்காய்ச்சல் மீளாய்வை முன்வைத்து

தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் பொது சுகாதாரமோ செவிலியமோ படிக்கும் மாணவர் ஒப்படைப்புக்குத் தலைப்புத் தேடினால், சேற்றில் இறங்கி நாற்று நடுபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுத்தால் அதைத் தடுக்க முடியுமா என்று ஐந்து சோதனைகளைத் தொகுத்த ஒரு முறைசார் மீளாய்வை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தது இது. மீளாய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடும் ஆம்ஸ்டார் 2, ரோபிஸ் என்ற இரு கருவிகளில் எது ஒப்படைப்புக்கு ஏற்றது என்று இதை வைத்துப் பார்ப்போம். தேடல் நன்று, முடிவை ஒருபக்கம் சாய்க்கும் சார்பு ஒவ்வொரு சோதனையிலும் எவ்வளவு என்றும் எடைபோட்டிருக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே பதிவுசெய்த திட்டம் இல்லை. முழுதாகப் படித்துவிட்டு ஒதுக்கிய கட்டுரைகளின் பட்டியலும் இல்லை. கட்டுரைகளைத் தேர்ந்த படிகளைக் காட்டும் படத்தில் எத்தனை ஒதுக்கினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

2017-இல் வந்த ஆம்ஸ்டார் 2-இல் 16 கேள்விகள். அவற்றில் ஏழு முக்கியமானவை. முன்திட்டமும் ஒதுக்கியவற்றின் பட்டியலும் அந்த ஏழில் அடங்கும். முக்கியக் குறை ஒன்று இருந்தால் நம்பகம் 'குறைவு'; ஒன்றுக்கு மேல் போனால் 'மிக மிகக் குறைவு'. ஆகவே நம் மீளாய்வு அடிமட்டத்தில் விழுகிறது, மற்றவை பெரும்பாலும் நன்றாக இருந்தும். பல மாணவர்கள் இங்கே '16-க்கு 13' என்று கூட்டிப் போடுகிறார்கள். அப்படிக் கூட்ட வேண்டாம் என்று கருவியை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த மீளாய்வுக்கு 13 கிடைத்தால் படிப்பவர் அதை நல்லதென்றே நினைப்பார். 'இல்லை' என்று குறிக்கும் முன் இணைப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஒதுக்கியவற்றின் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அது கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணமும் இருந்தால் மதிப்பீடு ஒரு படி ஏறும்.

2016-இல் வந்த ரோபிஸ் வேறு வழியில் போகிறது. சேர்ப்பு விதி, தேடலும் தேர்வும், தரவு சேகரிப்பும் சோதனைகளின் மதிப்பீடும், தொகுப்பு என நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் கவலை எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். முன்திட்டம் இல்லாதது முதல் பகுதியில் உறுத்தும். ஒதுக்கியவற்றின் பட்டியலை அது தனியாகக் கேட்பதில்லை. கடைசிக் கட்டத்தில், அந்தக் கவலைகளை ஆசிரியர்கள் தங்கள் முடிவுரையில் கணக்கில் எடுத்தார்களா என்றும் பார்க்கிறது. எடுத்திருந்தால், அதே மீளாய்வு 'தெளிவில்லை' என்றோ 'சார்பு ஆபத்து குறைவு' என்றோகூட வெளிவரலாம். எந்தத் தீர்ப்பானாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதவேண்டும். முதல்முறை செய்பவருக்கு அது பெரிய சுமைதான்.

ஒப்படைப்புக்கு நான் ஆம்ஸ்டார் 2-ஐயே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: உங்கள் தலைப்புக்கு எந்தக் கேள்விகள் முக்கியம் என்று மீளாய்வைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். சாதகமான முடிவுகள் மட்டும் அதிகம் வெளியாகும் வெளியீட்டுச் சார்பு பற்றிய கேள்வியும் அந்த ஏழில் ஒன்று. ஆனால் ஐந்தே சோதனைகளை வைத்து, அந்தச் சார்பைக் கண்டறிய உதவும் புனல் வரைபடம் போட்டால் அது எதையும் சொல்லாது. அதற்காக இன்னொரு முக்கியக் குறை ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பூச்சிமருந்து தெளிப்பவர்களுக்கு ஒரு நோய் கூடுதலாக வருகிறதா என்பது போன்ற காரணம் தேடும் மீளாய்வு என்றால் பேச்சே வேறு. ஆம்ஸ்டார் 2 சிகிச்சை, தடுப்பு போன்ற தலையீடுகளுக்காக எழுதப்பட்டது. அங்கே ரோபிஸைத்தான் எடுக்கவேண்டும்.