ஒளிராத அடுப்புச் சுருள்: சீரீஸ் பல்பா, மல்டிமீட்டரா, வெறும் கண்ணா?

மின்அடுப்பின் சுருள் ஒரு பக்கம் செக்கச் சிவந்து மறுபக்கம் மங்கிக் கிடந்தால் பலரும் முதலில் ரெகுலேட்டரைத்தான் மாற்றுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் மாற்றினேன். காசு போனதைவிட, கொஞ்சம் யோசித்திருந்தால் அது தேவையே இல்லை என்று தெரிந்திருக்குமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பீங்கான் தட்டின் பள்ளத்தில் கிடக்கும் நிக்ரோம் சுருள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கம்பி. அதன் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போகும். ரெகுலேட்டரால் மொத்தச் சுருளையும் மங்கச் செய்ய முடியும், விட்டுவிட்டு ஒளிரச் செய்ய முடியும், அடியோடு அணைக்க முடியும். பாதியை மட்டும் மங்கச் செய்ய முடியாது. கம்பிகளைச் சுருளோடு இணைக்கும் டெர்மினல் திருகுகளுக்கும் இதே கதைதான். ஆகவே ஒற்றைச் சுருள் அடுப்பில் வெளிச்சம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் குற்றவாளி சுருளேதான். இரண்டு சுருள்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இயக்கும் சுவிட்ச் உள்ள அடுப்புகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் ஒரு சுருள் முழுவதுமாக இருண்டிருந்தால் சுவிட்சையும் சந்தேகிக்கலாம்.

இந்த முதல் தீர்ப்புக்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். சுற்றுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஒன்றின் வெப்பம் மற்றொன்றைத் தாக்குவதால் அது பளிச்சென்று ஒளிரும். இழுபட்டு அகன்ற இடம் மங்கும். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு மின்னோட்டம் குறுக்கே தாவினால் அந்தத் துண்டு இருண்டுபோகும், மீதிச் சுருள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிவக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் வெண்மையாக எரிந்தால் அங்கே கம்பி மெலிந்துவிட்டது, விரைவில் அறுந்துவிடும்.

சுருள் முற்றிலும் குளிர்ந்து கிடந்தால் கண் தோற்றுவிடும். இப்போது சுருள், ரெகுலேட்டர், டெர்மினல் என்று மூன்று பேரும் சந்தேகத்துக்குரியவர்கள். போட்டி சீரீஸ் பல்புக்கும் மல்டிமீட்டருக்கும் இடையில்.

பழைய கைகள் சீரீஸ் பல்பைத்தான் நம்புவார்கள். மின்வழியில் ஓர் இழை பல்பைத் தொடராகக் கோத்து, சந்தேகத்துக்குரிய பகுதியை நடுவில் வைத்தால், பல்பு எரிந்தால் பாதை உண்டு, எரியாவிட்டால் அறுந்திருக்கிறது. விரைவான வழிதான். ஆனால் 230 வோல்ட்டில் 60 வாட் பல்பின் சூடான மின்தடை ஏறக்குறைய 880 ஓம். அடுப்புச் சுருளின் தடையோ 50 ஓம் அளவுதான். அந்த 50 ஓம் 40 ஆகக் குறைந்தாலும் பல்பின் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. அறுந்ததா இல்லையா என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதோடு, திறந்து கிடக்கும் சுருளில் நேரடி மின்சாரம் நிற்கும் சோதனை இது. மீட்டர் கையில் இருக்கும்போது இதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

மல்டிமீட்டர் எண்ணைச் சொல்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளக்க வேண்டும். ரெகுலேட்டரை அணைத்துவிட்டேன் என்பது போதாது. அது இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் துண்டிப்பதாக இருந்தால், சுருளில் இன்னும் மின்சாரம் நிற்கக்கூடும். எதிர்பார்க்க வேண்டிய எண்ணைக் கணக்கிட ஒரு சூத்திரம் போதும்: R = V² / P. 230 வோல்ட், 1000 வாட் அடுப்புக்கு 52.9 ஓம் வருகிறது. அது சூடான நிலைக்கான கணக்கு. குளிர்ந்த நிக்ரோமின் தடை சில சதவீதம் குறைவு என்பதால் மீட்டரில் 50 ஓம் அளவில் காட்டினால் சுருள் நலம்.

மீட்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அறுந்த முனைகள் இரண்டும் குளிரில் தொட்டுக்கொண்டிருந்தால் நல்ல எண்ணையே காட்டும், சூடேறியதும் விலகிக்கொள்ளும். அதனால் அளக்கும்போதே மரக்குச்சியால் சுருளை ஆங்காங்கே மெல்லத் தட்டிப் பார்ப்பேன். எண் துள்ளினால் அந்த இடம்தான்.

என் அடுப்பின் கதைக்கு வருகிறேன். 1000 வாட் அடுப்பு. சுருள் ஒருமுறை நடுவில் அறுந்தது. முனைகளை முறுக்கிச் சேர்த்து, குறைந்துபோன நீளத்தை இழுத்து ஈடுகட்டிப் பள்ளத்தில் உட்கார வைத்தேன். இழுத்த பக்கம் மங்கியது, மற்றது பளிச்சிட்டது. ரெகுலேட்டரை மாற்றினேன், பலனில்லை. சில நாட்களில் அடுப்பு முழுவதுமாகக் குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் மீட்டரை எடுத்தேன். ரெகுலேட்டரை முழு அளவில் வைத்து, பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தேன்: பாதையே இல்லை. சுருளின் இரு கம்பிகளையும் கழற்றித் தனியாக அளந்தால் 41 ஓம். ரெகுலேட்டரின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். மிஞ்சியது டெர்மினல். பித்தளைத் திருகு நீலம் பாய்ந்திருந்தது. கம்பியின் உறை கருகி, தொட்டதும் பொடிந்தது. கம்பிக்கும் அதைத் திருகில் பூட்டும் வளையத்துக்கும் இடையே அளந்தபோது தொடர்பு வந்து வந்து போனது.

41 ஓம் என்ற எண்ணை ஒரு சீரீஸ் பல்பு தந்திருக்காது. சூட்டில் அது 43.5 ஓம் அளவுக்கு ஏறும். அப்படியானால் 5.3 ஆம்பியர், 1200 வாட்டுக்குச் சற்று மேல். சுருளைக் குறுக்கியதால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. தளர்ந்த ஒரு டெர்மினலில் 1 ஓம் தடை இருந்தால், அந்த மின்னோட்டத்தில் ஒரே திருகுத் தலையில் 28 வாட் வெப்பம் பிறக்கும். அது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம். சுருளில் நான் செய்த தவறு டெர்மினலை எரித்திருக்கிறது.

மொத்த மின்சுற்றையும் ஒரே தடவையில் அளந்தால் இந்த 1 ஓம் கண்ணில் படாது. 41-க்கும் 42-க்கும் யார் வித்தியாசம் பார்க்கப் போகிறார்கள்? மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, வரும் சிறு எண்ணைக் குறித்துக்கொண்டு, இணைப்பின் இரு புறமும் மட்டும் அளந்து அதைக் கழிக்க வேண்டும். அதற்கு முன்னால் மூக்கும் கண்ணும்தான் நல்ல கருவிகள்.

ரெகுலேட்டருக்கு மட்டும் மீட்டர் அரைகுறைச் சாட்சி. ஈருலோகத் தகடு வைத்த வகை குளிர்ந்திருக்கும்போது, அணைக்காத வரை, எந்த அளவில் வைத்தாலும் அதன் உள்தொடுமுனைகள் மூடியே இருக்கும். அதனால் முழு அளவில் காட்டும் பூஜ்யத்தை நடுவிலும் காட்டும். அது சரியாக விட்டுவிட்டு வேலை செய்கிறதா என்பதை, எல்லாவற்றையும் மூடிப் பூட்டியபின் நடு அளவில் இயக்கி, சுருள் அணைந்து ஒளிர்வதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அணையவே இல்லையென்றால் உள்தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். மின்னணு ரெகுலேட்டரை ஓம் அளவில் சோதிப்பது வீண்; நல்லதும் அறுந்ததுபோலவே காட்டும்.

கடைசியில் புதிய சுருள் வாங்கினேன். சூடேறிய பழைய நிக்ரோம் நொறுங்கும், மறுபடி முறுக்கத் தாங்காது. பள்ளத்தின் நீளத்தை நூலால் அளந்து, அந்த அளவுக்கு மட்டும் சுருளை ஒரே சீராக இழுத்தேன். கருகிய கம்பியை வெட்டி எறிந்து, வெப்பம் தாங்கும் உறையுள்ள கம்பியைப் புதிய வளையத்தோடு பூட்டினேன். ஈயப்பற்று வைக்கவில்லை, அந்தச் சூட்டில் உருகிவிடும். மீட்டரில் 49.8 ஓம் வந்தது. முதலில் வேண்டாமல் வாங்கிய ரெகுலேட்டர் அப்படியே பொருந்தியிருக்கிறது. பழையது இன்னும் அலமாரியில், எந்தக் குறையும் இல்லாமல்.