மே மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி என்னிடம் விற்றார்கள்

கொடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருக்கிறேன். மே மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி, இதுதான் என் வருட வியாபாரம் என்று சொன்னால் மூஞ்சிக்கல்லில் டீ குடிக்கிறவர்கள் கூடச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நானே அதே கணக்கில் 9,36,000 ரூபாயை விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விற்றவர்கள் உள்ளூர் இளைஞர்கள் இருவர். காட்டேஜ், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர், மாதச் சந்தா 1,000 ரூபாய். சாஃப்ட்வேரில் குறை எதுவும் இல்லை, நன்றாகவே ஓடுகிறது. மே மாதக் கடைசியில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார்கள். இந்த மாதம் பணம் கட்டியவர்கள் 260 பேர், ஏஆர்ஆர் 31,20,000. ஏஆர்ஆர் என்றால் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் வருமானமாம். அதற்கு இரண்டு மடங்கு கம்பெனி மதிப்பு, அதாவது 62,40,000. அதில் 15 சதவீதப் பங்கு எனக்கு.

31,20,000 இருந்த கட்டத்தை அன்றைக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் போதும். உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

```
=C3*12
```

C3 மே மாத வரவு. வேறு எந்த மாதமும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகஸ்டில் ஆபீஸ் பையன்களுக்குச் சம்பளம் போடப் பணமில்லை என்று போன் வந்தது. 31 லட்சம் வரும் என்று நம்பி ஆள் எடுத்திருக்கிறார்கள், வாடகைக்கு மாடி பிடித்திருக்கிறார்கள். எனக்கு அது முழுப் பொய்யாகத் தோன்றவில்லை. அவர்களும் அந்த எண்ணை நம்பியிருந்தார்கள். சரி, முந்தைய ஜூன் முதல் மே வரை பணம் கட்டிய பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டேன். மே 260, ஏப்ரல் 210. பள்ளி திறந்த ஜூனில் 120, ஜூலையில் வெறும் 60. அக்டோபரில் 130, மழை பிடித்த நவம்பரில் 75, டிசம்பர் லீவுக்கு 150. மற்ற மாதங்களையும் சேர்த்துக் கூட்டினால் வருடத்துக்கு 1,440 சந்தா. அதாவது 14,40,000 ரூபாய். எனக்குக் காட்டிய எண்ணில் பாதி கூட இல்லை.

வட்டக்கானலில் தெரிந்த காட்டேஜ்காரர் ஒருவரிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "நிறுத்தலண்ணே. ஆளே வராத மாசத்துக்கு எதுக்கு ஆயிரம்? போன்லயே ஆட்டோபேயை நிப்பாட்டிட்டேன், பூஜா லீவுக்குப் போட்டுக்குவேன்" என்றார். சாஃப்ட்வேர் மேல் அவருக்குக் கோபமே இல்லை.

இதில்தான் இன்னொரு கண்கட்டு. இப்படிப் போய்த் திரும்புகிறவர்களை ஏப்ரலில் புது வாடிக்கையாளர் என்று எழுதியிருந்தார்கள். அதனால் வியாபாரம் கிடுகிடுவென வளர்வது போலத் தெரிந்தது. பெயரை விட்டுவிட்டு போன் நம்பரை வைத்து, ஒவ்வொரு நம்பரும் எந்தெந்த மாதம் கட்டியது என்று ஒரு நோட்டில் டிக் போட்டேன். இரண்டு ராத்திரி ஆனது. பன்னிரண்டு மாதமும் விடாமல் கட்டியவை 52 நம்பர். சீசன் பார்க்காமல் வரும் பணம் அவர்களுடையது மட்டும்தான், வருடத்துக்கு 6,24,000. மற்றது வருமானம்தான், ஆனால் என் சாக்லேட் விற்பனை மாதிரி சீசன் வருமானம்.

பெருக்குவதே தப்பு என்று சொல்லவில்லை. மளிகைக் கடை பில் போடும் சாஃப்ட்வேருக்கு ஜூலையும் மேயும் ஏறக்குறைய ஒன்றுதான், அங்கே பன்னிரண்டால் பெருக்கினால் பெரிதாகத் தப்பாது. மலை ஊர் வியாபாரத்தில் கடந்த பன்னிரண்டு மாத வரவைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வளர்ச்சி தெரிய வேண்டுமென்றால் இந்த மேயைப் போன மேயோடு வையுங்கள், மார்ச்சோடு வைக்காதீர்கள்.

என் ஆடிட்டர் எடுத்த எடுப்பில் கேட்டது வேறு: "ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?" இல்லை. சேவைத் தொழிலில் ஒரு நிதியாண்டில் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வருடத்துக்கு 31 லட்சம் என்று சொல்லும் கம்பெனிக்கு அது இல்லையென்றால், ஒன்று சட்டத்தை மீறுகிறார்கள், இல்லை 31 லட்சம் வரவே இல்லை. ஏஆர்ஆர் தணிக்கையில் வரும் எண் இல்லை, விற்கிறவர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை அப்படிப் போட முடியாது. பணம் கொடுக்கும் முன்னால் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்குக் கூச்சம், தெரிந்த பிள்ளைகளாயிற்றே.

அவர்கள் சொன்ன அதே இரண்டு மடங்கை உண்மையான வரவுக்குப் போட்டால் மதிப்பு 28,80,000. என் 15 சதவீதம் 4,32,000தான் பெறும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் அவர்களிடம் இல்லை. அதனால் அந்தப் பணத்துக்கு உரிய முப்பத்திரண்டரை சதவீதப் பங்கைக் கேட்கிறேன். 20 தருவதாகச் சொல்லி, மீதியை மே மாதம் உட்கார்ந்து பேசலாம் என்கிறார்கள். நான் ஜூலையில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.